இதயத் துடிப்பு எந்தப் பகுதியில் இருக்கிறது?

கேள்வி: "உயிர் என்பது வேதிப்பொருள்களின் கூட்டு மட்டும்தானா? பகுதிகளைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாக ஏதாவது உயிரிலோ மனத்திலோ இருக்கிறதா? 'எமர்ஜென்ஸ்' என்று சொல்பவர்கள் எதையாவது விளக்குகிறார்களா, இல்லை தெரியாததற்குப் பெயர் வைக்கிறார்களா?"

சிக்கல் முழுவதும் 'அதிகமாக' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். பகுதிகள் தனித்தனியே இருக்கும்போது இல்லாத ஒரு தன்மை, அவை சேர்ந்தபின் வருகிறதா என்பது ஒன்று. இதற்குப் பதில் ஆம். வகுப்பிலேயே செய்து காட்டலாம். பகுதிகளைப் பற்றியும் அவை இணைந்திருக்கும் விதத்தைப் பற்றியும் எல்லாம் தெரிந்த பிறகும், எவ்வளவு கணக்குப் போட்டாலும் வரவழைக்க முடியாத ஏதோ ஒன்று மிஞ்சுகிறதா என்பது இன்னொன்று. முதலாவதை வலுவற்ற எமர்ஜென்ஸ் என்றும் இரண்டாவதை வலுவான எமர்ஜென்ஸ் என்றும் தத்துவக்காரர்கள் பிரிக்கிறார்கள். வாதம் நடக்கும் இடங்களில் பெரும்பாலும் ஒருவர் முதலாவதற்குச் சான்று காட்டிவிட்டு இரண்டாவதை நிரூபித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். எதிரில் இருப்பவர் இரண்டாவதை மறுத்துவிட்டு முதலாவதும் இல்லை என்கிறார்.

நான் தத்துவம் முறையாகப் படித்தவன் அல்ல. மருத்துவக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடலியங்கியல் நடத்தியவன். அதனால் எனக்குக் கைப்பழக்கமான ஒன்றை, இதயம் ஏன் துடிக்கிறது என்பதை, வைத்தே சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. மனத்துக்குக் கடைசியில் வருகிறேன். அங்கே நான் சொல்வதை ஒரு வாசகனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் தவளை இதயத்தை வைத்துப் பயிற்சி செய்வார்கள். இப்போது அது நின்றுவிட்டது, கணினித் திரையில் காட்டுகிறார்கள்; நல்லதுதான். ஆனால் முதன்முறை பார்த்தவர்கள் மறக்காத காட்சி அது. உடலிலிருந்து முழுதாக வெட்டியெடுத்த இதயம், நரம்பு இல்லை, ரத்தம் இல்லை, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் உப்புக் கரைசலுக்குள் கிடந்தபடி மணிக்கணக்கில் துடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவி, "சார், இது செத்துப்போச்சா இல்லையா?" என்று கேட்பாள். எனக்கு அதற்குச் சுருக்கமான பதில் ஒருநாளும் கிடைத்ததில்லை.

அந்த உப்புக் கரைசலுக்கே ஒரு கதை உண்டு. 1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், வெறும் சோடியம் குளோரைடு கரைசலில் தவளை இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று எழுதினார். பிறகுதான் தெரிந்தது, உதவியாளர் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கவில்லை, குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கிறார். காய்ச்சி வடித்த நீரில் கலந்து பார்த்தால் இதயம் சீக்கிரமே சோர்ந்து நின்றுபோயிற்று. லண்டன் குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை அதைத் துடிக்க வைத்திருந்தது. 1883இல் ரிங்கர் தன் பிழையைத் தானே எழுதித் திருத்தினார். குறைத்தல்வாதம் (முழுமையை அதன் பகுதிகளால் விளக்கும் போக்கைத்தான் சொல்கிறேன்) அழகாக வேலை செய்த இடம் இது. 'உயிர்' போனது போலத் தெரிந்தது. உண்மையில் போனது கால்சியம். திரும்ப ஊற்றினால் துடிப்பும் திரும்பும்.

அப்படியானால் துடிப்பு கால்சியத்தில் இருக்கிறதா? இல்லை. அது எங்கே இருக்கிறது என்று படிப்படியாக உள்ளே போய்த் தேடிப் பார்ப்போம். 1852இல் ஸ்டானியஸ் என்ற ஜெர்மானியர், தவளை இதயத்தில் ரத்தம் வந்து சேரும் பைக்கும் மேலறைக்கும் நடுவே ஒரு நூலால் இறுக்கிக் கட்டினார். பை மட்டும் பழைய வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தது. மற்றது நின்றுபோய், சற்று நேரம் கழித்து வேறொரு மெதுவான தாளத்தில் தொடங்கியது. தாளத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு என்று தெரிந்தது. 1907இல் கீத், ஃபிளாக் என்ற இருவர் பாலூட்டிகளின் இதயத்திலும் அந்த இடத்தைக் கண்டார்கள், இன்று எஸ்.ஏ. நோடு என்கிறோம். வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் உள்ள சிறு திசு. அதிலிருந்து ஒரே ஒரு செல்லைப் பிரித்தெடுத்தாலும் அது தன்பாட்டுக்குத் துடிக்கிறது. சரி, ஒரு செல் வரை வந்துவிட்டோம்.

இனி செல்லுக்குள். அதன் உறையில் அயனிச் சேனல்கள் இருக்கின்றன. புரதத்தால் ஆன நுண்ணிய வாயில்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோடியத்துக்கு, கால்சியத்துக்கு, பொட்டாசியத்துக்கு என்று தனித்தனி வகைகள். 1976இல் நேயரும் சக்மனும் ஒரே ஒரு சேனல் வழியாகப் போகும் மின்னோட்டத்தை அளந்து காட்டினார்கள். அதன் பதிவைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். வாயில் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது, சராசரியாக எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று மட்டுமே சொல்லலாம். தாளம் என்று அங்கே எதுவும் இல்லை. ஒரு செல் நிமிடத்துக்கு நூறு முறை ஒழுங்காகத் துடிக்கிறது. அதை உருவாக்கும் ஒவ்வொரு சேனலும் சூதாடுகிறது.

நடுவில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'அதிகம்' என்று நீங்கள் கேட்பது அங்கேதான் ஒளிந்திருக்கிறது. எஸ்.ஏ. நோடு செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 60 மில்லிவோல்ட் எதிர்மின் தாழ்வில் இருக்கும் நிலையிலிருந்து தொடங்குவோம். அந்தத் தாழ்ந்த மின்னழுத்தத்தில் ஒருவகைச் சேனல் திறக்கிறது. பெரும்பாலான சேனல்கள் மின்னழுத்தம் ஏறினால் திறக்கும். இது இறங்கினால் திறக்கும். நடத்தை விசித்திரமாக இருந்ததால் இதன் வழியாகப் பாய்வதற்கு வேடிக்கை மின்னோட்டம் என்றே பெயர் வைத்தார்கள். சோடியம் மெல்ல உள்ளே வருகிறது, மின்னழுத்தம் மெல்ல ஏறுகிறது. சுமார் −40க்கு வந்ததும் கால்சியம் சேனல்கள் திறந்துகொள்கின்றன. இப்போது ஏற்றம் வேகமெடுத்துச் சுழியைத் தாண்டிப் போகிறது. அந்த உயர்ந்த மின்னழுத்தம் பொட்டாசியம் சேனல்களைத் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேற, மின்னழுத்தம் மறுபடி −60க்குச் சரிகிறது. சரிந்ததால் வேடிக்கைச் சேனல் மீண்டும் திறக்கிறது. இப்படியே எழுபது எண்பது ஆண்டுகள்.

சேனல்கள் எப்போது திறப்பது என்பதை மின்னழுத்தம் முடிவு செய்கிறது. மின்னழுத்தம் எவ்வளவு என்பதைத் திறந்திருக்கும் சேனல்கள் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. மின்னழுத்தம் எந்த ஒரு சேனலுக்கும் சொந்தமானது அல்ல, மொத்த உறைக்கும் உரியது. இந்த வளையத்தை வெட்டினால் என்ன ஆகும் என்று சோதிக்க முடியும் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வோல்டேஜ் கிளாம்ப் என்று ஒரு முறை உண்டு. 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் நரம்பிழையில் பெரும்பணி செய்தது இதை வைத்துத்தான். ஒரு மின்சுற்று, செல்லின் மின்னழுத்தத்தை நாம் சொன்ன இடத்தில் பிடித்து நிறுத்தி, அதற்குத் தேவையான மின்னோட்டத்தைத் தானே ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். எஸ்.ஏ. நோடு செல்லை இப்படி −40இல் பிடித்து நிறுத்திவிடுங்கள். ஒரு சேனலையும் எடுக்கவில்லை, ஒரு அயனியையும் குறைக்கவில்லை, விஷம் எதுவும் கொடுக்கவில்லை. மின்னோட்டங்கள் கொஞ்சம் மாறி, ஒரு நிலைக்கு வந்து அடங்கிவிடும். துடிப்பு போயிற்று. பிடியை விட்டால் மறுபடி தொடங்கும்.

ஒரு மூட்டை நெல்லின் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிகளைக் கலைத்துப் போட்டாலும், இரண்டு சாக்கில் பிரித்தாலும், எடையைக் கூட்டினால் அதே விடை. அது உண்மையிலேயே கூட்டுத்தொகை. இதயத் துடிப்பு அப்படி இல்லை: பகுதிகள் எல்லாம் அப்படியே இருக்க, அவற்றுக்கு இடையே உள்ள தொடர்பை மட்டும் நிறுத்தினால் அது காணாமல் போகிறது. 'பகுதிகளின் கூட்டுத்தொகையைவிட அதிகம்' என்ற பேச்சுக்கு ஆய்வகத்தில் காட்டக்கூடிய பொருள் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு நேர்மைக்காக இடையில் சொல்லிவிட வேண்டும்: படம் நான் வரைந்த அளவுக்குச் சுத்தமானது அல்ல. கிளாம்ப் போட்ட பிறகும் செல்லுக்குள் உள்ள கால்சியக் கிடங்குகளிலிருந்து சின்னச் சின்ன வெளியேற்றங்கள் தாளத்தோடு வருவதைச் சிலர் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் தாளத்தின் மூலம் உறையா, உள்ளே இருக்கும் கால்சியக் கடிகாரமா என்று நீண்ட சண்டை நடந்தது. இரண்டும் பின்னிப் பிணைந்தே ஓடுகின்றன என்பது இன்று பலர் ஏற்கும் நிலை. எது எவ்வளவு என்பதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. நம் வாதத்துக்கு அதனால் பாதகம் இல்லை. அந்தக் கால்சியக் கடிகாரமும் ஒரு வளையம்தான், ஒற்றைப் புரதம் அல்ல.

இப்போது குறைத்தல்வாதி எழுந்து கேட்பார்: "வளையம் என்கிறீர்கள். வளையமும் பகுதிகளால் ஆனதுதானே? ஒவ்வொரு சேனலின் குணத்தையும் தனியாக அளந்து, சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் துடிப்பு வந்துவிடாதா?" வரும். வந்தது. 1960இல் டெனிஸ் நோபிள் என்ற ஆராய்ச்சி மாணவர், ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுகளை, துடிப்பை இதயத்தின் கீழறைகளுக்குக் கடத்தும் பர்கின்ஜி இழைக்கு ஏற்ப மாற்றி, லண்டன் பல்கலைக்கழகத்தின் மெர்க்குரி கணினியில் ஆளில்லாத இரவு நேரத்தை வாங்கி ஓட்டிப் பார்த்தார். சமன்பாடுகளில் 'துடி' என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கணினி எண்களைக் கொட்டியபோது அவற்றில் துடிப்பு இருந்தது. ஆக, உயிரின் இந்த ஒரு செயலைப் பொறுத்தவரை வலுவான எமர்ஜென்ஸ் இல்லை. பகுதிகளும் தொடர்புகளும் தெரிந்தால் மிச்சம் எதுவும் இல்லை.

ஆனால் அந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது. குறைத்தல்வாதிகள் அதை அதிகம் சொல்வதில்லை. 1960இன் மாதிரியில் கால்சியம் மின்னோட்டமே கிடையாது, ஏனென்றால் அப்போது இதயத்தில் அது கண்டுபிடிக்கப்படவே இல்லை. 1975இல் நோபிளும் வேறு இருவரும் சேர்ந்து செய்த மேம்பட்ட மாதிரியில், தாளத்தைத் தொடங்கி வைப்பது வெளியே போகும் ஒரு பொட்டாசியம் மின்னோட்டம் மெல்லக் குறைவதுதான் என்று வைத்திருந்தார்கள். 1981இல் டிஃபிரான்செஸ்கோ காட்டினார்: அது பொட்டாசியம் வெளியே போவது குறைவதே அல்ல, உள்ளே வரும் மின்னோட்டம் வளர்வது, நாம் மேலே பார்த்த அதே வேடிக்கை மின்னோட்டம். பகுதியின் அடையாளமே தலைகீழ். ஆனாலும் மாதிரி நன்றாகத்தான் துடித்துக்கொண்டிருந்தது. இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, முழுமையின் நடத்தை சரியாக வருவதால் பகுதிகளைப் பற்றி நமக்குச் சரியாகத் தெரியும் என்று ஆகிவிடாது. வளையத்தின் வடிவம் சரியாக இருந்தால், உள்ளே இருப்பவர்கள் மாறினாலும் தாளம் வந்துவிடுகிறது.

அதே காரணத்தால்தான் இதயம் அவ்வளவு எளிதில் நிற்பதில்லை. வேடிக்கைச் சேனலை அடைக்கும் மாத்திரை ஒன்று இருக்கிறது, இவாபிரடின். இந்தச் சேனல்தான் தாளத்தைத் தொடங்குகிறது என்றால் அதை அடைத்ததும் நோயாளி இறந்துவிட வேண்டும். நடப்பது என்னவென்றால், நிமிடத்துக்குப் பத்துத் துடிப்பு அளவில் குறைகிறது, அவ்வளவுதான். ஒரு மின்னோட்டம் குறைந்தால் மின்னழுத்தத்தின் பாதை சற்று மாறுகிறது. அந்த மாற்றத்தாலேயே மற்ற மின்னோட்டங்கள் கொஞ்சம் கூடுதல் சுமையை ஏற்றுக்கொள்கின்றன. 'எந்தப் பகுதி இதைச் செய்கிறது?' என்ற கேள்விக்கு இங்கே ஒற்றைப் பதில் இல்லை. மருந்து எழுதுபவர்களுக்கு இது தத்துவம் அல்ல, தினசரி விஷயம். மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களையும் பாருங்கள். நம் எல்லோருடைய எஸ்.ஏ. நோடும் தன்னிச்சையாக விட்டால் நிமிடத்துக்குச் சுமார் நூறு துடிக்கும். வேகஸ் நரம்பு அதை இழுத்துப் பிடித்து எழுபதுக்குக் கொண்டுவருகிறது. மாற்று அறுவையில் அந்த நரம்பு அறுந்துவிடுவதால், படுத்து ஓய்வெடுக்கும்போதும் அவர்களுக்குத் தொண்ணூறு, நூறு என்று ஓடும். அதே இதயம், வேறு முழுமைக்குள், வேறு தாளம்.

இந்த இடத்தில் 'முழுமை பகுதிகளை ஆள்கிறது' என்று சிலர் ஒரு படி மேலே போவார்கள். எனக்கு அந்தச் சொல் சங்கடமாக இருக்கிறது. மின்னழுத்தம் ஒரு சேனலைத் திறக்கும்போது மாயம் எதுவும் நடக்கவில்லை. சேனல் புரதத்தின் ஒரு துண்டில் நேர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள் இருக்கின்றன, மின்புலம் அவற்றைத் தள்ளுகிறது, துண்டு நகர்கிறது, வாயில் திறக்கிறது. இயற்பியலுக்கு வெளியே ஒரு விசையும் இல்லை. சேனலுக்குள் மட்டும் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: அந்த மின்புலம் ஏன் இந்த நொடியில் இந்த அளவில் இருக்கிறது என்பது. அதற்குப் பதில் சேனலுக்கு வெளியே, மொத்த செல்லில் இருக்கிறது. எனவே இருப்பது எது என்று கேட்டால் நான் குறைத்தல்வாதி. விளக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இல்லை. இரண்டையும் ஒரே ஆள் சொல்லலாம், முரண்பாடு இல்லை.

ஒரு துடிப்பு வேறு, மொத்த உயிர் வேறு என்று நீங்கள் சொல்லலாம், நியாயம். உயிரற்ற பொருள்களிலிருந்து ஒரு செல்லை முழுக்க முழுக்க யாரும் இன்னும் செய்து காட்டவில்லை. அமெரிக்காவில் கிரெய்க் வென்டர் குழுவினர் 2016இல் 473 மரபணுக்கள் மட்டும் உள்ள ஒரு பாக்டீரியாவை உருவாக்கினார்கள். மரபணுத் தொகுதியை வேதிமுறையில் செய்தார்கள், ஆனால் அதை ஏற்கெனவே உயிரோடிருந்த ஒரு செல்லுக்குள்தான் வைக்க வேண்டியிருந்தது. இதைவிட எனக்கு வியப்பான எண் 149. அந்த 473இல் 149 மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்று செய்தவர்களுக்கே அப்போது தெரியவில்லை. எடுத்துவிட்டால் செல் இறக்கிறது அல்லது வளராமல் தேங்குகிறது என்பது மட்டும் தெரியும். நரம்பு மண்டலத்துக்கு வந்தால், சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவின் 302 நரம்பு செல்களும் எது எதோடு இணைகிறது என்ற வரைபடம் 1986இலேயே வெளிவந்துவிட்டது. இன்றுவரை அந்த வரைபடத்தை மட்டும் வைத்துப் புழு அடுத்து என்ன செய்யும் என்று முழுதாகக் கணக்குப் போட முடியவில்லை. காரணம் மர்மம் இல்லை. கம்பி எங்கே போகிறது என்பது வரைபடத்தில் இருக்கிறது. அந்த இணைப்பு தூண்டுகிறதா அடக்குகிறதா, எவ்வளவு வலு, கம்பியே இல்லாமல் பரவும் வேதிச் செய்திகள் என்ன என்பதெல்லாம் அதில் இல்லை. இவையெல்லாம் 'இன்னும் முடியவில்லை' என்ற வகை. 'முடியவே முடியாது' என்பதற்கு இவற்றில் எதுவும் சான்று ஆகாது.

'முடியவே முடியாது' என்று அவசரப்பட்டுச் சொன்னவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. சி.டி. பிராட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி, கூர்மையான ஆள், 1925இல் எமர்ஜென்ஸ் பற்றி எழுதியபோது வேதியியலையும் சேர்த்துக்கொண்டார். வெள்ளியையும் குளோரினையும் தனித்தனியே எவ்வளவு ஆராய்ந்தாலும், அவை சேர்ந்து உண்டாகும் வெள்ளிக் குளோரைடு என்ற உப்பு எப்படி இருக்கும் என்று வருவிக்க முடியாது என்பது அவர் கருத்து. இரண்டே ஆண்டுகள். 1927இல் ஹைட்லரும் லண்டனும் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் பிணைகின்றன என்பதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். வேதிப்பிணைப்பு மர்மப் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஆனால் அதே பிராட் இன்னொரு உதாரணமும் வைத்திருந்தார். எல்லையற்ற கணிதத் திறன் கொண்ட ஒரு தேவதூதன் இருக்கிறான் என்று வையுங்கள். அம்மோனியா மூலக்கூறின் அமைப்பு அவனுக்கு அத்துப்படி. அது மூக்கில் பட்டதும் எந்த நரம்பு எப்படிக் கிளர்ச்சியடையும் என்பதும் கணிப்பான். ஆனால் அந்த நெடி எப்படி இருக்கும் என்பதை, முகர்ந்து பார்க்காமல், அவனால் சொல்ல முடியுமா? முடியாது என்றார் பிராட். உப்பு விஷயத்தில் அவர் தோற்றார். அம்மோனியா விஷயத்தில் அவரை இன்னும் யாரும் தோற்கடிக்கவில்லை.

தமிழில் இந்த வாதம் இதைவிடப் பழையது. மணிமேகலையில், சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில், ஒரு பூதவாதி வருகிறான். தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் இன்னும் சிலவற்றையும் கூட்டினால் மதுவின் களிப்பு பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் சேரும்போது உணர்வு தோன்றுகிறது என்பது அவன் கட்சி. எமர்ஜென்ஸை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. உவமையும் சும்மா சொன்னது அல்ல. அரிஷ்டம் காய்ச்சுபவர்கள் நொதிக்க வைக்க இன்றும் தாதகிப் பூவைச் சேர்க்கிறார்கள். பூவிலும் கட்டியிலும் தனியே இல்லாத போதை, சேர்ந்து நொதித்தபின் வருகிறது. இன்று அதன் வேதியியல் நமக்கு முழுதும் தெரியும்: ஈஸ்ட் சர்க்கரையை எத்தனாலாக மாற்றுகிறது. இதயத் துடிப்பைப் போலவே மிச்சம் இல்லாமல் விளங்கிவிட்ட விஷயம்.

ஆனால் உவமையை உற்றுப் பார்த்தால் ஓர் ஓட்டை தெரிகிறது. குடத்தில் பிறந்தது எத்தனால், களிப்பு அல்ல. களிப்பு, குடிப்பவனிடம் பிறக்கிறது. அவன் முன்பே உணர்வு உள்ளவனாக இருந்தால்தான் மது அவனைக் களிக்க வைக்கும். கல்லின் மேல் ஊற்றினால் கல் களிக்காது. ஆக, உணர்வு எப்படி வந்தது என்று விளக்க வந்த உவமை, உணர்வு உள்ள ஒருவனை ஓசையில்லாமல் உள்ளே அழைத்து வந்துவிட்டது. இன்றைக்கும் 'தண்ணீரின் ஈரம் போல மனம் எமர்ஜென்ட்' என்று எழுதும்போது இதே தவறு நடக்கிறது. ஈரம் என்று நாம் சொல்வதில் ஒட்டுதல், பரவுதல் என்ற பாதி, மூலக்கூறுகளின் கணக்கில் வந்துவிடும். தொட்டால் சில்லென்று இருக்கிறதே, அந்தப் பாதி தொடுபவனுடையது.

இதயத்துக்கும் மனத்துக்கும் உள்ள வேறுபாடு எனக்கு இங்கேதான் படுகிறது. இதயத்தில் நாம் விளக்க வேண்டியது ஓர் இயக்கம். அதை மில்லிவோல்ட்டில் அளக்கலாம், சமன்பாட்டின் விடையும் மில்லிவோல்ட்டில் வரும், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். மனத்தின் பெரும்பகுதியும் அப்படித்தான்: நினைவு, கவனம், பேச்சு, முடிவெடுத்தல் எல்லாம் செயல்கள், அவை ஒருநாள் இதே வழியில் விளங்கும் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. வலி வலிப்பது, நெடி நெடியாக இருப்பது என்ற அந்த ஒன்றில் மட்டும், சமன்பாட்டின் விடையை எதன்மேல் வைத்து ஒப்பிடுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆராய்ச்சி எங்கே நிற்கிறது என்பதற்கு, கிளாம்ப் சோதனைக்கு மிக நெருங்கி வரும் ஒன்றைச் சொல்கிறேன். 2005இல் மஸ்ஸிமினியும் சக ஆய்வாளர்களும், விழித்திருப்பவர் தலைக்கு வெளியிலிருந்து ஒரு காந்தத் துடிப்பால் மூளைப் புறணியின் ஓரிடத்தைத் தட்டினார்கள். அதன் எதிரொலி அங்கிருந்து கிளம்பி, புறணியின் வேறு வேறு இடங்களுக்குத் தாவித் தாவிச் சுமார் கால் நொடிக்கு மேல் நீடித்தது. அதே ஆள் கனவற்ற ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும்போது அதே இடத்தில் தட்டினால், தட்டிய இடத்தில் ஒரு பெரிய அலை. பிறகு வேறெங்கும் போகாமல் அங்கேயே அடங்கிவிட்டது. நரம்பு செல்கள் எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன, மின்னதிர்வுகளை அனுப்பிக்கொண்டும் இருக்கின்றன. அவற்றின் பேச்சுவார்த்தை மட்டும் அறுந்திருக்கிறது. கூடவே 'நான் இருக்கிறேன்' என்ற உணர்வும் இல்லை. பகுதிகள் அப்படியே, தொடர்பு போனது, முழுமையின் தன்மை போனது. மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்திய செல்லோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

ஒப்புமை எங்கே முறிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதயச் செல்லில், வளையத்தைச் சமன்பாடாக எழுதினால் துடிப்பு அதிலிருந்தே வந்துவிடுகிறது; வராமல் இருக்க முடியாது. மூளையில், தொடர்பு இருந்தால் உணர்வு இருக்கிறது, அறுந்தால் இல்லை என்று எப்போது என்பதைத்தான் சொல்ல முடிகிறது. ஏன் என்று சொல்ல முடிவதில்லை. அந்த எதிரொலி புறணி முழுதும் தாவினாலும், உள்ளே யாருக்கும் எதுவும் உணரப்படாமல் இருந்திருக்கலாமே என்ற கேள்வியை எந்தச் சமன்பாடும் மூடவில்லை. அது உண்மையிலேயே மிஞ்சும் ஒன்றா, அல்லது 1925இல் உப்பு பிராட்டுக்குத் தோன்றியதுபோல நமக்கு இன்று தோன்றும் மயக்கமா என்பதில் என்னைவிட அதிகம் படித்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது, ஆனால் அதற்கு என்னிடம் இருப்பது சாய்வுதான், சான்று இல்லை.

பெயர் மட்டும் வைக்கிறார்களா என்று கேட்டீர்கள். நான் ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எமர்ஜென்ஸ் என்று யாராவது சொன்னால், எந்தத் தொடர்பை அறுத்தால் அது போகும், மீண்டும் கட்டினால் ஏன் வரும் என்று கேட்பேன். இதயத்தைப் பற்றிப் பேசுபவர் இரண்டுக்கும் பதில் சொல்வார். உணர்வைப் பற்றிப் பேசுபவர் முதல் பாதிக்கு இப்போது பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறார். இரண்டாம் பாதிக்கு அவரிடம் இன்னும் பதில் இல்லை. அதைவிடச் சிறிய கேள்விக்கே ஒரு பந்தயம் நடந்தது. 1998இல் நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக், இருபத்தைந்து ஆண்டுக்குள் மூளையில் உணர்வின் தெளிவான அடையாளம் கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்று தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். கவனியுங்கள், ஏன் என்பதுகூட இல்லை, எது என்பதற்கே. 2023இல் நியூயார்க்கில் மேடையேறித் தோல்வியை ஒப்புக்கொண்டு, வென்றவருக்கு ஒயின் புட்டிகளைக் கொடுத்தார். களிப்பு எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு மதுவையே பரிசாக வைத்தது, அந்தப் பழைய பூதவாதிக்குத் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பான்.